அத்தையின் வீணையை மீட்டெடுத்தல்

அத்தை வீணை வாசிப்பதைப் படமாக வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இம்முறை செயற்கை நுண்ணறிவிடம் ஒரு முதல்வரைவு வாங்கி, அதன்மேல் டேப்லெட்டில் வரைந்துவருகிறேன். உட்கார்ந்த கோணமும் ஜன்னல் வெளிச்சமும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் வீணை வீணையாக இல்லை. தந்தியை அழுத்தும் இடங்களான மெட்டுகள் பதினைந்துக்கு மேல் இல்லை, அவையும் சம இடைவெளியில். தந்திகள், அவற்றைத் தாங்கும் குதிரையே இல்லாமல், குடத்துக்குள் கரைந்துபோயிருந்தன.

வரைவின் அடர்த்தியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பூட்டிவிட்டு, புதிய லேயரில் தண்டியிலிருந்து தொடங்கினேன். வீணைக்கு 24 மெட்டுகள்; ஒவ்வொன்றும் அரை ஸ்வரம் உயர்த்துவதால் குடத்தை நோக்கிப் போகப்போக இடைவெளி குறுகும். எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. யாளித் தலைப்பக்கம் தந்தி தொடங்கும் இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே சரிபாதியில் 12ஆவது மெட்டைப் போட்டேன். அங்கிருந்து குதிரை வரை உள்ள தூரத்தின் பாதியில் 24ஆவது. இந்த இரண்டும் நிலைத்துவிட்டால் மற்றவற்றைக் கண்ணே சொல்லிவிடும். கடைசி இடைவெளி முதல் இடைவெளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். என் படத்தில் வீணை நேர்ப்பக்கமாகத் தெரிவதால் இந்தக் கணக்கு பொருந்தியது. சாய்ந்து உள்வாங்கும் கோணத்தில் பாதி என்பது பாதியாக இருக்காது.

தந்திகளுக்குத் தனி லேயர். மெட்டுகளின் மேல் நான்கு, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. புரோகிரியேட் செயலியில் கோட்டை இழுத்து, பேனாவை எடுக்காமல் சற்று நிறுத்தினால் அது நேராகிவிடும். மேலுள்ள நான்கில் சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகின் குளிர்ந்த சாம்பல் நிறம், மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் மஞ்சள் கலந்த நிறம் கொடுத்தேன். இந்தச் சிறு வேறுபாடு வந்ததும் கருவிக்கு உயிர் வந்தது.

வரைவில் மெட்டுகளின் அடியில் இருந்த மெழுகும் முகமும் புடவையும் ஒரே பளபளப்பில் மின்னின. அந்த வண்ணங்களைத் தொட்டு எடுத்தால் பளபளப்பும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் பழைய புகைப்படத்திலிருந்து ஐந்தாறு வண்ணங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். மெழுகை மங்கலான கருப்பாக்கி, அத்தையின் விரல் அதிகம் உலவும் இடத்தில் மட்டும் லேசாக மெருகு வைத்தேன். மூக்குக்கண்ணாடி, தளர்ந்த கொண்டை, வெளுத்த ரவிக்கைக் கை எல்லாம் அந்தப் புகைப்படத்தில் இருந்தவை. வரைவு அவருக்குக் கொடுத்திருந்த இளமையான கன்னத்தை முழுதாக அழித்துவிட்டேன். அறுபது வயது முகம்தான் எனக்கு வேண்டும்.

இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டை ஒட்டி அழுத்துகின்றன; அது முடிந்தது. வலது கைதான் பாக்கி. சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொட வேண்டும், ஆனால் வரைவில் மணிக்கட்டே தவறான பக்கம் வளைந்திருக்கிறது. அந்தக் கையை மேலே திருத்திப் பயனில்லை. அழித்துவிட்டு, அத்தையை வாசிக்கச் சொல்லி நேரில் பார்த்து வரையப்போகிறேன்.