வெக்டர்களை நிரலாக எழுதுங்கள்: அணியின் தரமும் நேரியல் சார்பும்

"கீழ்க்காணும் வெக்டர்கள் நேரியல் சார்புடையவையா எனச் சோதிக்க. சார்புடையவை எனில் அவற்றுக்கிடையேயான தொடர்பைக் காண்க." நேரியல் இயற்கணிதத் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. முதல் பாதியைப் பெரும்பாலோர் சரியாகவே முடித்துவிடுவார்கள். அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து, தரம் வெக்டர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு என்று காட்டினால் போதும். மதிப்பெண் போவது இரண்டாம் பாதியில்தான். நான் படித்த நாளிலும், பிறகு நண்பர்களின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தபோதும் இதையே பார்த்திருக்கிறேன். வெக்டர்களை நிரைகளாக எழுதுகிறோமா, நிரல்களாக எழுதுகிறோமா என்பதிலேயே பாதி விடை தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். v₁ = (1, 2, −1, 3), v₂ = (2, 5, 0, 7), v₃ = (1, 1, −3, 2), v₄ = (1, 3, 2, 5). கைப்பழக்கத்தில் பலரும் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக, நிரைகளாக எழுதிவிடுவார்கள். அப்படியே சுருக்கிப் பாருங்கள். R₂ − 2R₁, R₃ − R₁, R₄ − R₁ செய்தால் கீழ் மூன்று நிரைகளும் (0, 1, 2, 1), (0, −1, −2, −1), (0, 1, 3, 2) என்று ஆகும். அடுத்து R₃ + R₂, R₄ − R₂. இப்போது மூன்றாம் நிரை முழுப் பூச்சியம், நான்காம் நிரை (0, 0, 1, 1). ஏறுபடி வடிவத்தில் பூச்சிய நிரை கடைசியில் இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் இடம் மாற்றுவோம்.

தரம் 3, வெக்டர்கள் 4, ஆகவே சார்புடையவை. இதுவரை எல்லாம் சரி. இங்கேதான் பல விடைத்தாள்களில் "கடைசி நிரை பூச்சியம், எனவே v₄ மற்றவற்றைச் சார்ந்தது" என்ற வரி வரும். அது தவறு. இந்த நான்கில் மற்றவற்றைக் கொண்டு எழுதவே முடியாத ஒரே வெக்டர் v₄தான்! நிரைகளை இடம் மாற்றும்போதும் ஒன்றோடொன்று கூட்டும்போதும் எந்த நிரை எந்த வெக்டரிலிருந்து வந்தது என்ற அடையாளம் கலைந்துபோகிறது. தரம் மாறாது, ஆனால் பெயர்கள் தொலைந்துவிடும்.

அதே வெக்டர்களை நிரல்களாக எழுதினால் நிலைமையே வேறு.

```
 1  2  1  1        1  2  1  1        1  2  1  1
 2  5  1  3   →    0  1 -1  1   →    0  1 -1  1
-1  0 -3  2        0  2 -2  3        0  0  0  1
 3  7  2  5        0  1 -1  2        0  0  0  1
```

முதல் படியில் R₂ − 2R₁, R₃ + R₁, R₄ − 3R₁. இரண்டாவதில் R₃ − 2R₂, R₄ − R₂. இன்னும் R₄ − R₃ செய்தால் கடைசி நிரை பூச்சியமாகிவிடும். பிவட் உறுப்புகள் 1, 2, 4 ஆகிய நிரல்களில் நிற்கின்றன. ஆகவே தரம் 3; v₁, v₂, v₄ சார்பற்றவை. பிவட் இல்லாத மூன்றாம் நிரல்தான் தொடர்பைச் சொல்லப்போகிறது. R₁ − 2R₂ செய்து இரண்டாம் நிரலில் பிவட்டுக்கு மேலே இருக்கும் 2-ஐயும் நீக்குங்கள். மூன்றாம் நிரல் (3, −1, 0, 0) ஆகிவிடும். முதல் நிரல் (1, 0, 0, 0), இரண்டாம் நிரல் (0, 1, 0, 0). எனவே மூன்றாம் நிரல் = 3 × முதல் நிரல் − இரண்டாம் நிரல். அந்த எண்களை அப்படியே எடுத்து v₃ = 3v₁ − v₂ என்று எழுதிவிடலாம். சரிபார்ப்போம்: 3(1, 2, −1, 3) − (2, 5, 0, 7) = (1, 1, −3, 2). பொருந்துகிறது.

சுருக்கிய அணியில் கண்ட தொடர்பு மூல வெக்டர்களுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், c₁v₁ + c₂v₂ + c₃v₃ + c₄v₄ = 0 என்பதை விரித்து எழுதிப் பாருங்கள். c-க்களை மாறிகளாகக் கொண்ட நான்கு சமன்பாடுகள் கிடைக்கும், அவற்றின் கெழு அணி நாம் எழுதிய இதே அணிதான். நிரைச் செயல் என்பது சமன்பாடுகளைக் கூட்டுவதும் கழிப்பதும் இடம் மாற்றுவதும் மட்டுமே, அதனால் தீர்வுகள் மாறுவதில்லை. தீர்வுகள் மாறாதபோது நிரல்களுக்கிடையேயான தொடர்பும் மாறாது. இந்தக் காரணத்தை விடையில் ஒரே வரியில் எழுதிவிடுவது நல்லது.

ஆனால் மாறாமல் இருப்பது தொடர்பு மட்டுமே, நிரல்கள் மாறிவிடுகின்றன. நிரல் வெளிக்கு அடுக்களம் கேட்டால் மூல அணியின் 1, 2, 4-ஆம் நிரல்களை, அதாவது v₁, v₂, v₄-ஐக் கொடுக்க வேண்டும். சுருக்கிய அணியின் நிரல்களைக் கொடுத்தால் தவறாகும். ஏன் என்பது கண்ணுக்கே தெரியும்: சுருக்கியபின் எல்லா நிரல்களிலும் கடைசி உறுப்பு பூச்சியம், v₁-இன் கடைசி உறுப்போ 3. பூச்சியங்களை எப்படிச் சேர்த்தாலும் 3 வராது.

அதேபோல், சார்புடையவை என்றால் எந்த வெக்டரையும் மற்றவற்றால் எழுதலாம் என்று பொருளல்ல. இங்கே 3v₁ − v₂ − v₃ = 0 என்பதில் v₁, v₂, v₃ மூன்றும் பூச்சியமற்ற கெழுக்களோடு வருகின்றன, அதனால் அவற்றில் எதை விலக்கினாலும் தரம் குறையாது. v₄-இன் கெழு பூச்சியம். அதை விலக்கினால் தரம் 2 ஆகிவிடும்.

கணக்குப் போடும்போது நிகழும் ஒரு பிழையையும் இதே அணியில் காட்டலாம். மூன்றாவது அணியில் R₃, R₄ இரண்டும் (0, 0, 0, 1). நேரத்தை மிச்சப்படுத்த R₃ − R₄, R₄ − R₃ இரண்டையும் பழைய மதிப்புகளைக் கொண்டே ஒரே படியில் செய்தால் இரண்டு நிரையும் பூச்சியமாகி, தரம் 2 என்று வரும். ஒரே படியில் பல செயல்களைச் செய்யலாம்தான், ஆனால் கழிக்கப் பயன்படும் நிரை அந்தப் படியில் மாறாமல் இருக்க வேண்டும். தரம் 2 என்ற விடையில் சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. தரம் 2 என்றால் v₄ = av₁ + bv₂ ஆக வேண்டும். முதல் இரு உறுப்புகளிலிருந்து a + 2b = 1, 2a + 5b = 3, அதாவது b = 1, a = −1. மூன்றாம் உறுப்பு −a = 1 என்று வருகிறது, ஆனால் v₄-இல் அது 2. முரண்பாடு.

k உள்ள கணக்குகளில் இன்னொரு கவனம் வேண்டும். v₄ = (1, 3, k, 5) என்று கொடுத்து, k-இன் எம்மதிப்புக்குத் தரம் 2 என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். அதே படிகளில் போனால் மூன்றாம் நிரை (0, 0, 0, k − 1), நான்காம் நிரை (0, 0, 0, 1). k − 1-ஐக் கண்டவுடன் k = 1 என்று விடை எழுதக் கை துடிக்கும். k − 1-ஆல் வகுக்கவும் வேண்டாம், அது பூச்சியமாகும் இடத்தோடு நிறுத்தவும் வேண்டாம். R₃, R₄-ஐ இடம் மாற்றி 1-ஐப் பிவட்டாக வையுங்கள். பிறகு k எதுவாக இருந்தாலும் கீழே உள்ளது பூச்சியமாகிவிடும். தரம் எப்போதும் 3, கேட்டபடி k-க்கு மதிப்பே இல்லை. "அப்படிப்பட்ட k இல்லை" என்பதும் முழு மதிப்பெண்ணுக்குரிய விடைதான்.