பண்ருட்டி அம்மாவுக்கு எழுதிய நன்றிக் கடிதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மன்றம் நடத்திய தொழில்முனைவோர் கருத்தரங்குக்குப் பண்ருட்டியிலிருந்து முந்திரி பதப்படுத்தும் அம்மையார் ஒருவர் வந்து பேசினார். செயலாளர் என்ற முறையில் நன்றிக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. கோப்பில் பழைய கடிதங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: ‘தாங்கள் ஆற்றிய சிறப்புரை அனைவரின் உள்ளத்தையும் கவர்ந்தது.’ பெயரை மாற்றினால் கண் மருத்துவருக்கும் பொருந்தும், பட்டிமன்ற நடுவருக்கும் பொருந்தும். அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வந்திருந்தவர்களில் சிலரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பேச்சில் எது நினைவில் நிற்கிறது என்று கேட்டேன். ‘நன்றாகப் பேசினார்கள்’ என்ற பதில்களைத் தள்ளிவிட்டால், மிஞ்சியது பலகையில் அவர் போட்ட கணக்கு. முந்திரிக்கொட்டை நம் பக்கத்தில் கோடையில் சில மாதங்கள்தான் வரும். ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோ உடைக்கும் சிறிய ஆலை, மாதம் 25 நாள் ஓடினால் 2,500 கிலோ கொட்டை தேவை. கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3 லட்சம். வரத்து இல்லாத ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வைப்பதானால் 27 லட்சம். “இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கும். கொட்டைக்குப் பணம் எங்கே?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அரங்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் கேட்க அறிக்கை தயாரித்து வைத்திருந்த பெண் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திட்டச் செலவில், சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய நடைமுறை மூலதனத்தையும் சேர்க்கலாம். ஆனால் சரக்கு வாங்கி, விற்று, பணம் திரும்பிவரும் ஒரு சுற்றுக்கு உரியதை மட்டுமே. அரசு தரும் மானியமும் உடனே கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பில் இருந்த பிறகுதான் கடனில் கழியும். அம்மையாரின் கணக்கைக் கேட்டபின் அந்தப் பெண் ஆலையின் அளவைக் குறைத்து, முதல் ஆண்டில் சொந்தமாகக் கொட்டை வாங்காமல் மற்றவர்களின் கொட்டையைக் கூலிக்கு உடைத்துத் தருவது என்று அறிக்கையை மாற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தின் நடுப்பகுதிக்கு இது போதும் என்று முடிவு செய்தேன். அவர் பெயரைக் குறிப்பிட அவரிடமே சம்மதம் கேட்டேன். வேண்டாம் என்றார், ‘எங்கள் உறுப்பினர் ஒருவர்’ என்று எழுதினேன்.

120 ரூபாய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அது கணக்குக்காக அம்மையார் எடுத்துக்கொண்ட விலை. சந்தை விலையாக அதை நாம் எழுதிவிட்டால், நாளை அந்தக் கடிதத்தைப் பார்ப்பவர் ‘இவரா இப்படிச் சொன்னார்?’ என்று கேட்கக்கூடும். மன்றத்தின் கடித நகல் பொதுக்குழுவில் வாசிக்கப்படும், பதிவேட்டிலும் ஒட்டப்படும். அதே காரணத்தால், ஓர் ஆண்டு தமக்கு நேர்ந்த நட்டத்தைப் பற்றி அவர் மனம்விட்டுச் சொன்னதையும் கடிதத்தில் சேர்க்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னது அது, பதிவேட்டுக்குச் சொன்னதல்ல.

கடைசியில் எழுதியது இதுதான்:

‘மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். பருவத்தில் கொட்டை வாங்கி இருப்பு வைக்க ஆகும் செலவை, தாங்கள் எடுத்துக்கொண்ட விலைப்படி மாதவாரியாகப் பலகையில் போட்டுக் காட்டினீர்கள். அதன்பின் எங்கள் உறுப்பினர் ஒருவர் தமது திட்ட அறிக்கையைத் திருத்தி, முதல் ஆண்டு கூலி உடைப்போடு தொடங்க எண்ணியுள்ளார். வேலை நாளில் ஆலையை விட்டுவிட்டு வந்து, கேள்விகள் தீரும்வரை இருந்தமைக்கு மன்றத்தின் சார்பில் நன்றி.’

தலைவருக்கு இது போதவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கேட்பதானால் தனிக் கடிதத்தில், சில மாதம் கழித்துக் கேட்போம் என்றேன். நன்றி சொல்கிற கையோடு கையை நீட்டினால், மேலே எழுதியதெல்லாம் பீடிகையாகத்தான் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பயணப்படிக்கான ரசீதையும் பொருளாளர் தனியாகவே அனுப்பினார். மன்றத்தின் கடிதத்தாளில் அச்சடித்து, நான் கையொப்பமிட்டு, அவர் பலகை முன் நிற்கும் புகைப்படம் ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினேன். அலைபேசியில் அனுப்பினால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. தாளில் வந்தால் கோப்பில் வைத்துக்கொள்வார் என்பது என் எண்ணம்.

கடிதம் கிடைத்ததும் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். பாராட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “கூலி உடைப்பு என்று போட்டிருக்கிறீர்களே, அந்தப் பெண் கூலியைக் கொட்டை எடைக்குப் பேசப் போகிறாளா, பருப்பு எடைக்கா?” என்று கேட்டார். நான்கைந்து கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்புதான் தேறும் என்பதால், அதை முதலிலேயே பேசித் தீர்க்காவிட்டால் சண்டை வரும் என்றார். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவருடைய எண்ணை அம்மையாருக்குக் கொடுத்தேன்.