'நிலுவை' என்ற ஒரு சொல்லும் 1,058 ரூபாய் வித்தியாசமும்

ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் ஒப்பந்தத்தைத் தமிழாக்கும் வேலை 2024இல் என்னிடம் வந்தது. கடன் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கோவைப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள். ஆங்கில மூலத்தோடு, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த தமிழ்ப் பிரதி ஒன்றையும் அனுப்பி, "இதையே கொஞ்சம் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்" என்றார்கள். படித்துப் பார்த்தபோது அது போதாது என்று தெரிந்தது.

அபராதப் பிரிவில்தான் முதலில் இடறியது. மூலத்தில் ஓவர்டியூ, அவுட்ஸ்டாண்டிங் என இரண்டு சொற்கள் இருந்தன. தமிழ்ப் பிரதியில் இரண்டுக்கும் 'நிலுவைத் தொகை' என்றே போட்டிருந்தார்கள். ஓவர்டியூ என்பது தேதி தாண்டியும் கட்டாத தவணை. அவுட்ஸ்டாண்டிங் என்பது இன்னும் அடைய வேண்டிய மொத்தக் கடன். பேச்சு வழக்கில் இரண்டுமே நிலுவைதான், பாக்கிதான். ஒப்பந்தத்தில் அப்படி விட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடன் 10 லட்சம், ஆண்டு வட்டி 10 சதவீதம், 60 மாதத் தவணை. மாதம் 21,247 ரூபாய் வரும். முதல் தவணையில் 8,333 வட்டிக்குப் போக, மீதி அசலில் கழிந்து, கடன் 9,87,086 ஆகும். இரண்டாம் தவணை 20 நாள் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் ஆண்டுக்கு 2 சதவீதம். தவறிய தவணைக்கு மட்டும் என்றால் 23 ரூபாய் சொச்சம். மொத்தக் கடனுக்கும் என்றால் 1,081 ரூபாய். பழைய வாசகத்தை வைத்து இரண்டு தரப்பும் தன் பக்கமே நியாயம் என்று வாதாடலாம்.

'நிலுவை' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ஒன்றை 'உரிய தேதியில் செலுத்தப்படாத தவணைத் தொகை' என்றும், மற்றதை 'செலுத்த வேண்டிய மொத்தக் கடன் பாக்கி' என்றும் வரையறைப் பகுதியிலேயே எழுதி, கடைசிவரை அதே சொற்களைப் பிடித்துக்கொண்டேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை சலிக்கும்தான். கடன் ஒப்பந்தத்தில் அந்தச் சலிப்பு நல்லது.

அதே பிரிவில் 'அபராத வட்டி' என்றும் இருந்தது. அது பழைய பழக்கம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ஒப்பந்த விதியை மீறியதற்கான தண்டத்தை வட்டி வீதத்தோடு கூட்டக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் வாங்க வேண்டும். அதை அசலில் சேர்த்து அதற்கு மேலும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில மூலத்தில் இந்த மாற்றம் வந்திருந்தது, தமிழில் வரவில்லை. 'அபராதக் கட்டணம்' என்று மாற்றினேன். தவறிய தவணைக்கு வழக்கமான வட்டி ஓடுவது வேறு விஷயம், அதைத் தனி வாக்கியமாகப் பிரித்தேன். இல்லாவிட்டால் தாமதமானால் கட்டணம் மட்டும்தான் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

வட்டிப் பிரிவில் ஒரு வேடிக்கை. 'மன்த்லி ரெஸ்ட்ஸ்' என்பதை 'மாதாந்திர ஓய்வு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மாதம் ஒருமுறை வட்டியைக் கணக்கிட்டுக் கடன் கணக்கில் பற்று வைப்பதைத்தான் அது சொல்கிறது. அப்படியே விரித்து எழுதினேன். வட்டி வீதம், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ வீதத்தோடு இணைந்தது. 'ரெப்போவை விட 3.50 சதவீதம் அதிகம்' என்ற பழைய வரியை, ரெப்போ 6.50 என்றால் அதில் மூன்றரை சதவீதம்தான் கூடும் என்றும் படிக்கலாம். 'ரெப்போ வீதத்துடன் 3.50 சதவீதப் புள்ளிகளைக் கூட்டி வரும் வீதம்' என்று எழுதி, 6.50 + 3.50 = 10.00 என்ற உதாரணத்தையும் வைத்தேன். உதாரணம் சேர்க்க வங்கியின் சட்டப் பிரிவு முதலில் தயங்கியது. 'விளக்கத்துக்காக மட்டும்' என்று குறித்த பிறகு ஒப்புக்கொண்டது.

முடித்ததும் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் திருப்பிச் செலுத்தும் பிரிவைப் படித்துக் காட்டினேன். "5ஆம் தேதிக்குள்னா அஞ்சாம் தேதி கட்டலாமா கூடாதாங்க?" என்றார். கட்டலாம், அன்றைய நாள் முடிவுக் கணக்கை வங்கி ஓட்டும்வரை பணம் வராவிட்டால்தான் தவணை தவறியதாகும். அந்தக் கேள்விக்குப் பிறகு 'ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ' என்று மாற்றினேன்.

கடைசிப் பிரிவில், முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்ற வாசகம் இருந்தது. அதை நீக்க வங்கி சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் பக்கத்துக்கு நேர் மேலே, மற்ற எழுத்துகளின் அளவிலேயே அதை அச்சிட வேண்டும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் சரி என்றார்கள்.