முன்னால் வரலாம், பின்னால் போகக்கூடாது

ஏப்ரல் 3, 2023, திங்கள்

காலை ஏழு மணிக்கு அக்கா அகமதாபாத்திலிருந்து போன். "மகாவீரர் ஜயந்தி இன்னைக்கா, நாளைக்கா? இங்கே சில பேர் இன்னைக்கே ஊர்வலம் போறாங்க." எனக்குத் தெரியவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்தேன். எழுந்து உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடி, நோட்டு, பேனா எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் குரல் பழையபடி வந்துவிட்டது.

மகாவீரர் பிறந்தது சைத்ர மாதம் வளர்பிறை திரயோதசி. இன்று காலை 6.24க்குத்தான் திரயோதசி பிறக்கிறது, நாளை காலை 8.05 வரை இருக்கிறது. சூரியன் உதிக்கும்போது எந்தத் திதி நடக்கிறதோ, அன்று முழுக்க அந்தத் திதியின் நாள். சென்னையில் இன்று உதயம் 6.04. அப்போது இன்னும் துவாதசி. இருபது நிமிஷத்தில் தவறிவிட்டது, அதனால் நமக்கு நாளைக்குத்தான். அகமதாபாத்தில் உதயம் 6.31. அங்கே திரயோதசி பிறந்து ஏழு நிமிஷம் ஆன பிறகுதான் வெயில். ஆக அக்காவுக்கு இன்றும் திரயோதசி, நாளையும் திரயோதசி.

"திதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. சூரியன்தான் உங்க ஊருக்கு லேட்டா வருது" என்றார்.

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் நேரம் வேறு மாதிரி இருந்தது. அதைக் காட்டினேன். அது வாக்கியப் பஞ்சாங்கம், தான் பார்ப்பது திருக்கணிதம், இரண்டுக்கும் சில சமயம் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரும் என்றார். பேசிவிட்டு அப்படியே தூங்கிப்போனார். நோட்டு நெஞ்சின் மேல்.

ஏப்ரல் 4

பங்குனி 21. அரசு விடுமுறை. ஜினாலயத்தில் தொட்டில் ஆட்டும்போது அப்பாவுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோக்காரர், "இன்னைக்கு என்ன சார் விசேஷம், கடை லீவு" என்றார். எந்தக் கடை என்று கேட்கவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்கு மகாவீரரைத் தெரிவது அந்த மூடிய ஷட்டர் வழியாகத்தான்.

ஏப்ரல் 19

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 17

ஆடி 1, அமாவாசை. ஆடி 31ஆம் தேதியும் அமாவாசை. ஒரே ஆடியில் இரண்டு. அப்பா போன வருஷமே இதை நோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: "தகராறு".

ஆகஸ்ட் 16

இரண்டாவது அமாவாசை. ஸ்கேன் தேதியை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள். மெஷின் பழுதாம்.

சரி, தகராறு. காத்திருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில் எனக்கே இது புரிந்துவிட்டது. சந்திர வருஷம் 354 நாள். சூரியனைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவு. அப்படியே விட்டால் பண்டிகைகள் வருஷா வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டே போய், மழைக்காலத்தில் நோன்பிருந்து மன்னிப்புக் கேட்கும் பர்யூஷணம் கோடையில் வந்து நிற்கும். அதனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போல ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். நம் சூரிய மாதம் ஒன்றுக்குள் இரண்டு அமாவாசை விழுந்தால், அவற்றுக்கு நடுவில் உள்ள சந்திர மாதம் அதிக மாதம். இந்த வருஷம் அது சிராவணம். முதல் சிராவணம் இன்றோடு முடிந்து, நாளை முதல் அசல் சிராவணம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். துறவிகள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் மழைக்காலம் நான்கு மாதம், அதாவது 120 திதி. ஆஷாட பௌர்ணமியிலிருந்து 50 திதி போனால் பாத்ரபத பஞ்சமி. அங்கிருந்து கார்த்திகைப் பௌர்ணமிக்கு 70. ஒரு மாதமும் இருபது இரவும் கழிந்தபின் மகாவீரர் பர்யூஷணம் தொடங்கினார் என்று கல்பசூத்திரம் சொல்கிறது. சாதாரண வருஷத்தில் முன்னால் 50, பின்னால் 70 இரண்டும் சரியாக உட்கார்ந்துவிடும். நடுவில் ஒரு மாதம் நுழைந்தால் மொத்தம் 150 ஆகிவிடுகிறது. இப்போது எதைக் காப்பாற்றுவது? முன்னால் உள்ள 50ஐக் காப்பாற்றினால் பின்னால் 100. பின்னால் உள்ள 70ஐக் காப்பாற்றினால் முன்னால் 80.

கீழ்வீட்டு அம்மா சுவேதாம்பரர். அவர்களுக்கு 70 கணக்கு, அதனால் செப்டம்பரில்தான். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு வேறு கச்சம், சுவேதாம்பரருக்குள்ளேயே வேறு துறவிப் பரம்பரை. அங்கே 50 கணக்கு, ஆகஸ்ட் 20க்கே முடித்துவிடுவார்களாம். "ஒரே அம்மா வயத்துல பொறந்தோம், ஒரு மாசம் தள்ளி மன்னிப்பு கேட்டுக்குறோம்" என்று சிரித்தார்.

நாங்கள் திகம்பரர். பாத்ரபதம் வந்தால்தான் எங்களுக்குப் பத்து நாள்.

செப்டம்பர் 5

அப்பா கேட்டது: "டிஸ்சார்ஜ் எப்போ?" நான் சொன்னது: "பார்க்கலாம்." அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செப்டம்பர் 8

ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு ஏழு மணிக்கு வருகிறது. சூரியன் ஆறேகாலுக்கே போய்விடுகிறது. மூன்று நாளாகத் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. இன்று நான் வீட்டிலிருந்து ஐந்தேமுக்காலுக்கு இட்லி கொண்டுபோனேன். அறையின் ஜன்னல் மேற்குப் பக்கம். அப்பா ஒரு கண்ணால் இட்லியையும் ஒரு கண்ணால் எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்த வெயிலையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். வெயில் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு ஏறியதும் கையை மடக்கிக்கொண்டார். இரண்டு இட்லி மிச்சம்.

எட்டு மணி மாத்திரைக்கு மட்டும் தண்ணீர் குடிக்கச் சம்மதித்திருக்கிறார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். நர்ஸ் பெண் நல்லவள், தானே கெட்டிலில் வைத்துக் கொடுக்கிறாள்.

செப்டம்பர் 12

வீட்டுக்கு வந்துவிட்டோம். கீழ்வீட்டில் எட்டு நாள் இன்று ஆரம்பம்.

செப்டம்பர் 16

கீழ்வீட்டிலிருந்து தேங்காயும் இனிப்பும் வந்தன. இன்று மகாவீரர் பிறப்பாம். ஏப்ரலில்தானே ஜயந்தி முடிந்தது என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இது பிறந்த நாள் இல்லை, பிறந்த கதையை வாசிக்கும் நாள். எட்டில் ஐந்தாம் நாள் கல்பசூத்திரத்தில் அந்த இடம் வரும். திரிசலைத் தாய் கண்ட பதினான்கு கனவுகளை உருவமாகச் செய்து இறக்கிக் காட்டுவார்கள். எங்கள் கணக்கில் கனவு பதினாறு. அதைச் சொல்லாமல் இனிப்பை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 17

அப்பா பத்து நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருக்கப்போகிறாராம். டாக்டர் கூடாது என்றாரே என்றால், "அவர் கூடாதுன்னு சொன்னது பட்டினி. இது பட்டினி இல்லை" என்கிறார். அக்கா போனில் அழுதாள். நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டதை இங்கே எழுதிவைக்கிறேன், 30ஆம் தேதி கேட்க வேண்டிய மன்னிப்பில் இதுவும் ஒன்று.

செப்டம்பர் 18

தெரு முழுக்க விநாயகர் சதுர்த்தி. சதுர்த்தி பிறப்பதே மதியம் 12.39க்கு. பிள்ளையாருக்கு நண்பகல் முக்கியம், அதனால் இங்கே இன்று. நாளை உதயத்திலும் சதுர்த்தி இருக்கிறது, அதனால் கீழ்வீட்டில் எட்டாம் நாளான சம்வத்சரி நாளை. ஒரே சதுர்த்திக்கு இரண்டு தேதி.

செப்டம்பர் 19

காலையில் எங்களுக்கும் முதல் நாள், உத்தம க்ஷமை என்ற பொறுமையின் நாள். பஞ்சமி நாளைக்குத்தானே, ஏன் இன்றே என்று கேட்டேன். அப்பா நோட்டைத் திருப்பிக் காட்டினார். பஞ்சமியிலிருந்து சதுர்தசி வரை பத்துத் திதி, நாளுக்கு ஒரு தர்மம், மொத்தம் பத்து. இந்த முறை நாளைத் தொடங்கி 28 முடிய எண்ணினால் ஒன்பது நாள்தான் வருகிறது. ஏகாதசி 25ஆம் தேதி காலை 7.55க்குப் பிறந்து 26ஆம் தேதி விடியுமுன் 5 மணிக்கே முடிந்துவிடுகிறது. இருபத்தொரு மணி நேரம் இருந்தும் ஒரு சூரிய உதயத்தைக்கூடப் பார்க்காத திதி. அதற்கு நாளே கிடையாது. க்ஷயம். நாள் குறைந்தாலும் தர்மத்தைக் குறைக்க முடியாது, அதனால் ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிடுகிறோம்.

"பின்னால் ஒரு நாள் சேர்த்துக்கிட்டா என்ன?"

"சதுர்தசியைத் தாண்டக்கூடாது. முன்னால் வரலாம், பின்னால் போகக்கூடாது."

மாலையில் கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து கைகூப்பி மிச்சாமி துக்கடம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அப்பா படுத்தபடியே கைகூப்பினார். அப்புறம் அவரிடமே காலகாச்சாரியார் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவர்கள் கதையை அவர்களுக்கே! பிரதிஷ்டானத்தில் சாதவாகன மன்னனுக்குப் பஞ்சமியன்று இந்திர விழா. ஆறாம் நாளுக்குப் பர்யூஷணத்தைத் தள்ளலாமா என்று கேட்டான். பஞ்சமி இரவைத் தாண்டக்கூடாது என்றார் ஆச்சாரியார். அப்படியானால் நான்காம் நாள்? அது ஆகலாம். அன்று முன்னால் வந்த சதுர்த்தியில்தான் இவர்கள் இன்றும் நிற்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா தெரியாதது போலவே முழுக்கக் கேட்டார். எட்டு நாள் உபவாசம், முகம் வற்றியிருந்தது. ஆனாலும் நின்றுகொண்டே கேட்டார்.

செப்டம்பர் 22

சர்க்கரை 64. பயந்துவிட்டேன். வெல்லத் தண்ணீர், மதியம் மூன்று மணி. ஒரு வேளைச் சாப்பாடு இரண்டு வேளையாகிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் அந்த நாளுக்கு எதிரே சின்னதாகப் புள்ளி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 24

மருத்துவமனையிலிருந்து போன். ஸ்கேன் 29ஆம் தேதி. அதைவிட முன்னால் வேண்டும் என்றேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. 27 காலை எட்டு மணி இருக்கிறதாம். சரி என்றேன்.

செப்டம்பர் 26

ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது. அப்பா ஏற்கெனவே விழித்திருந்தார். "ஏகாதசி போயிடுச்சு" என்றார். வெளியே இருட்டு.

செப்டம்பர் 27

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைதானே?" என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். மூன்றாவது முறை அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 28

சதுர்தசி மாலை 6.49 வரை. ரிப்போர்ட் ஆறு மணிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மணி ஐந்தே முக்கால். வெயில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்துவிட்டது.