41 சீவி, ஒரு வேலை, கேள்விக்குறி போட்ட கட்டம்

கிளிநொச்சியில நான் வேலை செய்யிற பால் சங்கத்துக்கு ஒரு கள உத்தியோகத்தர் எடுக்கவெண்டு போன வருசம் விளம்பரம் போட்டனாங்கள், 41 சீவி வந்தது. தெரிவு செய்யிறது நானும் கணக்குப் பாக்கிற அக்காவும். வன்னியில இதில ஒரு சிக்கல் இருக்கு, பேரையும் ஊரையும் பாத்த உடனேயே இன்னாற்ர மகன், இன்னாற்ர மருமகள் எண்டு தெரிஞ்சிடும், பிறகு புள்ளி தன்ர பாட்டில கூடும் குறையும். அதால ஒபிஸ் தம்பியைக் கொண்டு ஒவ்வொரு சீவிக்கும் ஒரு நம்பர் போட்டு, பேரையும் விலாசத்தையும் கடதாசி ஒட்டி மறைச்சு, பேர் லிஸ்டை வேற ஃபைல்ல வைக்கச் சொன்னன்.

உறைகளை உடைக்க முதலே எக்ஸெல்ல ஷீட்டைப் போட்டிட்டம். ஏ நிரல்ல நம்பர், பீ நிரல்ல ஏ.எல். சித்தியோ இல்லையோ (இல்லையெண்டா அதோட சரி, புள்ளி போடுறேல்ல), பிறகு சீயில இருந்து ஜீ மட்டும் அஞ்சு விசயம். கள அனுபவத்துக்கு நிறை 3, கால்நடை இல்லாட்டி விவசாயப் படிப்புக்கு 2, மோட்டச்சைக்கிள் லைசன்சுக்கு 2, கம்பியூட்டருக்கு 1, சிங்களம் பேசுறதுக்கு 1. நிறை மூண்டாவது வரியில, தலைப்பு நாலாவது வரியில, ஆக்கள் அஞ்சாவதில இருந்து. ஒவ்வொண்டுக்கும் 0, 1, 2 தான் புள்ளி, எல்லாம் முழுசா வந்தா 18.

```
=SUMPRODUCT($C$3:$G$3,C5:G5)
```

இதை எச் நிரல்ல போட்டு கீழ இழுக்கவேணும். முதல்தரம் நான் அந்த டொலர் அடையாளத்தை விட்டிட்டன். முதல் ஆளுக்குச் சரியா வந்தது, ரெண்டாவது ஆளுக்கு 0. அனுபவமும் படிப்பும் இருக்கிற ஆளுக்கு எப்பிடி 0 வரும் எண்டு அந்தக் கட்டத்தைக் கிளிக் பண்ணிப் பாத்தா, நிறை வரிக்குப் பதிலா தலைப்பு வரியை எடுத்துப் பெருக்கியிருக்கு, எழுத்தை அது பூச்சியமா எடுக்கும். மூண்டாவது ஆளுக்கு இன்னும் மோசம், முதல் ஆளின்ர புள்ளியாலயே பெருக்கியிருக்கு, ஆனா நம்பிற மாதிரி ஒரு தொகை வந்திருந்தது. அந்த 0 வந்திருக்காட்டி நான் கவனிச்சிருக்கவே மாட்டன்.

அக்காவும் நானும் தனித்தனியாப் புள்ளி போட்டம். ஒரு ஆளை முழுக்க முடிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போகாம, கள அனுபவத்தை மட்டும் 41 பேருக்கும் பாத்து முடிச்சிட்டுத்தான் அடுத்த நிரல். இல்லாட்டி முதல் பக்கத்தில வடிவா எழுதின ஆளுக்கு மற்ற எல்லாத்திலயும் கை தாராளமாப் போகும். முதல் பத்துப் பேரையும் ஒப்பிட்டுப் பாத்தா எங்களுக்குள்ளயே அனுபவத்தில நாலு இடத்தில வித்தியாசம், நான் வருசத்தை மட்டும் எண்ணினன், அக்கா ஊருக்குள்ள இறங்கி வேலை செய்ததோ எண்டு பாத்தவா. அக்கா சொன்னதுதான் சரி. வீடுவீடாப் போய் ரெண்டு வருசத்துக்கு மேல எண்டா 2, அதுக்குக் குறைய இல்லாட்டி தொண்டராச் செய்தது எண்டா 1 எண்டு தலைப்புக்குக் கீழயே எழுதி வைச்சிட்டு அந்தப் பத்தையும் திருப்பிப் போட்டம்.

பெரிய பிரச்சினை லைசன்ஸ் நிரல்ல வந்தது. 17 பேர் அதைப் பற்றி ஒண்டுமே எழுதேல்ல. இல்லையெண்டு எழுதினதும் எழுதாம விட்டதும் ஒண்டில்ல, ஆனா ரெண்டுக்கும் 0 போட்டுக்கொண்டு போயிட்டம். அக்காதான் நிப்பாட்டி, தெரியாத இடத்தில கேள்விக்குறி போடுவம் எண்டா. கேள்விக்குறியையும் மேல உள்ள ஃபோர்மிலா பூச்சியமாத்தான் கூட்டும், அதால பக்கத்தில ஐ நிரல்ல, கேள்விக்குறி எல்லாத்துக்கும் முழுப்புள்ளி கிடைச்சா எவ்வளவு வரும் எண்டு போட்டன்:

```
=H5+2*SUMPRODUCT($C$3:$G$3,--(C5:G5="?"))
```

நேர்முகத்துக்கு ஆறு பேரைத்தான் கூப்பிடலாம். எச் நிரல்ல ஆறாவது ஆளுக்கு 12. அப்ப ஐ நிரல்ல 12க்குக் குறைய வந்த ஆளுக்குக் கோல் எடுத்தும் பிரயோசனமில்ல, 12ஓ கூடவோ வந்து கேள்விக்குறியும் இருக்கிற ஆக்களைத்தான் கேக்கவேணும். ஒன்பது பேர்தான் தேறிச்சினம், ஒபிஸ் தம்பி ஒரு பின்னேரத்தில கதைச்சு முடிச்சிட்டான்.

23ஆம் நம்பர் ஒட்டுசுட்டான் பிள்ளை. அனுபவம் 2, படிப்பு 1, கம்பியூட்டர் 1, லைசன்சும் சிங்களமும் கேள்விக்குறி. 6ம் 2ம் 1ம் 9, பதின்மூண்டாம் இடம். ஐ நிரல்ல 15. கேட்டா லைசன்ஸ் இருக்கு, சிங்களம் ஓரளவு கதைப்பாவாம். 4ம் 1ம் கூடி 14, மூண்டாம் இடத்துக்கு வந்திட்டா. ஏன் லைசன்சை எழுதேல்ல எண்டு தம்பி கேட்டதுக்கு, "விளம்பரத்தில கேக்கேல்லத்தானே அண்ணா" எண்டிருக்கிறா.

விளம்பரத்தை எடுத்துப் பாத்தன். "மோட்டார் சைக்கிளில் பயணிக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும்" எண்டுதான் கிடக்கு, லைசன்ஸ் எண்டு ஒரு சொல் இல்ல. அதை ஷீட்டில சேத்தது நான்தான்.