சத்தம் எங்கே முடிய வேண்டும்

ஸ்டுடியோவுக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு என் வேலை பிடிபடாது. கன்சோல் முன்னால் உட்கார்ந்து குமிழ்களைத் திருப்புகிறவர் சவுண்ட் இன்ஜினியர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசிக்கிறவர்கள் பாண்டுக்காரர்கள். பாட்டை எழுதியதும் அவர்களே. நடுவில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் புரொட்யூசர் எதற்கு? ராக் ஆல்பங்களில் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தச் சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்று முடிவு செய்வதிலேயே என் நாளில் பெரும்பகுதி போகிறது. ஒரே ஒரு பாட்டை வைத்து இதை விளக்குகிறேன்.

கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு பாடகர். வேகம் நிமிடத்துக்கு 112 தட்டு. ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 536 மில்லிசெகண்ட், அதில் பாதி 268, கால் பங்கு 134. ரெக்கார்டிங் தொடங்கும் முன்பே இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதிவிடுவேன். மற்ற முடிவுகள் எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கும்.

பாடகரின் குரல் நெருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் வறண்டு போகக் கூடாது. அதற்கு டேப் எக்கோவை எடுத்தோம். 1950களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் இருந்த சன் ஸ்டுடியோவில் புரொட்யூசர் சாம் ஃபிலிப்ஸ் புகழ்பெறச் செய்த உத்தி அது. குரலை இன்னொரு டேப் மெஷினுக்கும் அனுப்புவார்கள். அதில் பதிவு செய்யும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இடையே சிறு தூரம் உண்டு. டேப் அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரமே எக்கோவின் தாமதம். இடைவெளி 2 அங்குலம், டேப்பின் வேகம் வினாடிக்கு 15 அங்குலம் என்றால் தாமதம் சுமார் 133 மில்லிசெகண்ட்.

எங்கள் பாட்டில் இங்கேதான் சிக்கல் வந்தது. 133 என்பது தட்டின் கால் பங்கோடு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. டிரம்ஸில் காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹேட்டும் அதே கால் பங்குகளில் ஓடுவதால், குரலின் எக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரு ஹை-ஹேட் அடிக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. குரலைத் தனியாகக் கேட்டால் எக்கோ அழகாக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் காணவில்லை. எக்கோவின் அளவைக் கூட்டிப் பார்த்தார் இன்ஜினியர். குரல் பின்னால் போனதே தவிர எக்கோ தெளியவில்லை. மெஷினின் வேகத்தை வினாடிக்கு 18 அங்குலம் வரை ஏற்றச் சொன்னேன். தாமதம் 111 மில்லிசெகண்டுக்கு வந்தது. ஹை-ஹேட்டுக்குச் சற்று முன்பே எக்கோ விழுந்ததும் குரலில் ஒரு துடிப்பு வந்தது, சொற்களும் தெளிந்தன. எக்கோவைத் தாளத்தோடு பொருத்துவது பொதுவாக நல்ல பழக்கம்தான். ஆனால் எக்கோ காதில் தனியாக விழ வேண்டுமென்றால் தாளத்திலிருந்து கொஞ்சம் விலக வேண்டும். ஒரே ஒரு எதிரொலி போதும் என்றும் முடிவு செய்தோம். டேப்பில் போய்த் திரும்பும் குரல் உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் இழந்து மங்கலாக வரும். அதனால் அசலோடு போட்டி போடாமல் பின்னாலேயே நிற்கும். டிஜிட்டல் டிலேயில் இதைச் செய்பவர்கள் எக்கோவின் உச்சப் பகுதியை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ‘ஸ’வும் ‘ஷ’வும் இரண்டு தடவை கேட்கும்.

அடுத்தது டிரம்ஸ். கோரஸில் ஸ்னேர் என்ற கூர்மையான சத்தமுள்ள டிரம் பிரம்மாண்டமாகக் கேட்க வேண்டும், ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவில் நிசப்தம் வேண்டும் என்று பாண்டு கேட்டது. இது 1979-இல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பிறந்த சத்தம். பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். புரொட்யூசர் ஸ்டீவ் லில்லிவைட், இன்ஜினியர் ஹ்யூ பேட்ஜம். வாசிப்பவர்கள் பேசுவது கன்ட்ரோல் ரூமில் கேட்பதற்காக அறையில் ஒரு மைக் தொங்கியது. தூரத்துப் பேச்சும் கேட்கும்படி, உரத்த சத்தத்தை அடக்கி மெல்லியதைத் தூக்கும் கம்ப்ரசரை அதற்குக் கடுமையாகப் போட்டிருந்தார்கள். காலின்ஸ் வாசிக்கும்போது அந்த மைக் திறந்திருக்க, டிரம்ஸ் மிரட்டலாகக் கேட்டது. பேட்ஜம் அந்த மைக்கைப் பதிவு செய்ய வயரிங்கை மாற்றச் செய்தார், சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் அதை மூடிவிடும் நாய்ஸ் கேட் கன்சோலில் இருந்தது, அதையும் அதில் போட்டார். சிம்பலே வேண்டாம் என்று சொன்னவர் கேப்ரியல். அந்த ஒரு தடை இல்லாமல் இந்தச் சத்தம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் இதுதான். அறையின் ஒலி இயல்பாகத் தேய்ந்து அடங்கும். கம்ப்ரசர் அந்தத் தேய்வைத் தூக்கிப் பிடித்துச் சமமாக்குகிறது. கேட் அதைச் சட்டென்று மூடுகிறது. தேயாமல் நின்ற சத்தம் ஒரே வெட்டில் அறுபடுவதால்தான் காது அதைப் பெரிதாக உணர்கிறது. ஆனால் கம்ப்ரசர் ஸ்னேரை மட்டும் தூக்குவதில்லை. ஹை-ஹேட்டையும் சேர்த்துத் தூக்கும். கேட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஹை-ஹேட்டின் ஒரு துண்டு பாய்ந்து வந்து நடுவில் அறுபடும். ஸ்னேர் விழும் இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஹை-ஹேட் திடீரென்று உரத்தால், கசிவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே டிரம்மரிடம் போய், கோரஸுக்கு முதலில் காலால் அடிக்கும் கிக், ஸ்னேர், டாம் ஆகிய டிரம்களை மட்டும் வாசிக்கலாம், ஹை-ஹேட்டையும் சிம்பலையும் பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

“சிம்பல் அடிக்காம கோரஸுக்குள்ள எப்படிங்க நுழையறது? கை தானாப் போகுமே” என்றார்.

அவர் சொன்னது நியாயம். டிரம்மரின் உடம்பு முழுக்க ஒரே அசைவாக இயங்குகிறது. ஒரு கையை நிறுத்தினால் மற்ற அடிகளின் இடமும் நகரும். அதனால் ஹை-ஹேட் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் பேடும், கிராஷ் சிம்பல் இருந்த இடத்தில் இன்னொன்றும் வைத்தோம். கை போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று, சத்தம் மட்டும் வரவில்லை. இப்படி ஏற்பாடு செய்வது புரொட்யூசரின் வேலை, எந்தக் குமிழாலும் நடக்காது.

ரூம் மைக் டிரம்ஸிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தது. அதன் கேட்டை அந்த மைக்கின் சத்தமே திறக்கும்படி விடாமல், ஸ்னேர் அருகில் இருந்த மைக்கின் சிக்னலால் திறக்க வைத்தோம். 3 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் ஆகும். அறையின் ஒலி வந்து சேரும்போது கதவு ஏற்கெனவே திறந்திருக்கும், அடியின் முனை மழுங்காது. மூடும் நேரத்தை நோட்டில் இருந்த 268 முடிவு செய்தது. ஸ்னேருக்கு அரைத் தட்டுத் தள்ளி ஒரு கிக் விழுகிறது. அதற்கு முன் இடம் காலியாக வேண்டும். 200 மில்லிசெகண்ட் திறந்து வைத்து, அடுத்த 50-க்குள் மூடினோம். 350 வைத்தபோது கிக் மங்கியது, பாட்டே மெதுவாக ஓடுவதுபோல் இருந்தது. 120 வைத்தபோது அறையே தெரியவில்லை, ஸ்னேர் வெறும் தடித்த அடியாகக் கேட்டது.

இன்னொரு கவனம்: பெரிய அடிகளுக்கு நடுவே டிரம்மர் மெல்லத் தொடும் அடிகள். கேட் திறக்கத் தேவையான ஒலியளவைத் தாழ்த்தினால் அவையும் கதவைத் திறந்து இரைச்சலாகிவிடும், தாளம் தடுக்கி விழுவதுபோல் கேட்கும். அளவை உயர்த்தி, அந்த மெல்லிய அடிகள் அருகு மைக்கில் மட்டும் கேட்கும்படி விட்டோம்.

இவ்வளவு பெரிய ஸ்னேர் வந்தபின் கிட்டார்காரர் கோரஸ் முழுக்க நீளமாக இழுத்து வாசித்த கார்டுகளுக்கு இடம் இல்லை. கேட் உண்டாக்கிய நிசப்தத்தை அவர் கிட்டார் நிரப்பிக்கொண்டிருந்தது. அவருக்கு மனமில்லைதான். இரண்டு விதமாகவும் எடுத்து, ஒலியளவைக் குறைத்து, ஒரே ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். நீளக் கார்டு இருந்தபோது ஸ்னேர் சிறுத்தது. அவரே உள்ளே போய், இரண்டாம், நான்காம் தட்டுகளுக்கு முன்னால் கம்பிகளை உள்ளங்கையால் அடக்கி வாசித்தார். அதே ஆல்பத்தின் அடுத்த பாட்டில் டிரம்மர் பிரஷ்ஷில் மென்மையாக வாசித்தார். அங்கே கேட்டை முழுவதும் கழற்றிவிட்டு, அறையின் ஒலியைத் தேய விட்டோம்.