எம்பிபிடி வைவா: ஃப்ளோசார்ட்டை விட்டு, லூப்பைக் கையால் ஓட்டிப் பாருங்கள்

பேனலிலிருந்து எப்போதும் உச்ச பவரை எடுக்கப் பார்க்கும் கன்ட்ரோல்தான் எம்பிபிடி. சோலார் ப்ராஜெக்ட் எடுத்திருந்தால் வைவாவில் இதைப் பற்றி இந்தக் கேள்வி வர வாய்ப்பு உண்டு, எனக்கு வந்தது: "ஃபீட்பேக் லூப் என்கிறாயே, செட்பாயின்ட் எங்கே?"

செட்பாயின்ட் கிடையாது. பேனலின் உச்ச பவர் கிடைக்கும் வோல்டேஜ் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தர முடியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர் மாதிரி, ஒரு அடி வைத்துப் பார்த்து, மேடானால் தொடர வேண்டும், பள்ளமானால் திரும்ப வேண்டும். மொத்த அல்காரிதமும் இந்த ஒரு வரிதான்:

```
Vref = Vref + 0.5*sign(dP*dV)
```

Vref பேனலுக்குக் கேட்கும் வோல்டேஜ், dP, dV கடைசி அடியில் பவரும் வோல்டேஜும் மாறிய அளவு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர் இதில் ஒரு ரிலேயையும் ஒரு இன்டக்ரேட்டரையும் பார்க்க வேண்டும். `sign` ரிலே, கூட்டிக்கொண்டே போவது இன்டக்ரேட்டர்.

சரி, 100 வாட் பேனல் ஒன்றை எடுத்துக் கையால் ஓட்டுவோம். 17.5 வோல்ட்டில் 99.75 வாட், 18-ல் 100.08, 18.5-ல் 98.98 என்று வையுங்கள். 17.5-லிருந்து 18-க்குப் போனால் பவர் ஏறுகிறது, அதனால் 18.5-க்குப் போகும். அங்கே குறைகிறது, திரும்பி 18. மறுபடி ஏறியதால் அதே திசையில் 17.5. அங்கே குறைய, மீண்டும் 18. இப்படி மூன்று வோல்டேஜ்களுக்குள் நான்கு அடிக்கு ஒரு சுற்று என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் லிமிட் சைக்கிள். சராசரி 99.72 வாட், இழப்பு அரை வாட்கூட இல்லை. ஸ்கோப்பில் மூன்று படிகளுக்கு மேல் தெரிந்தால், முதலில் அடிக்கும் அடிக்கும் இடையிலான நேரத்தைச் சந்தேகப்படுங்கள். இன்புட் கெபாசிட்டர் நிலைக்கு வருமுன் அளந்தால், கையில் இருப்பது பழைய அடியின் பவர்.

அடுத்து மேகத்துக்கு வருவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. 18-லிருந்து 18.5-க்குப் போகும் நேரத்தில் மேகம் விலகி, வெயில் மட்டுமே 3 வாட் கூட்டுகிறது. அடியால் போனது 1.1, மொத்தத்தில் 1.9 ஏற்றம். லூப் அதைத் தன் அடியின் பலன் என்று நம்பி 19-க்குப் போகும். வெயில் ஏறும்வரை இப்படியே விலகிப் போகும். பவரும் ஏற, வோல்டேஜும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அடையாளம் இதுதான். அடியைச் சின்னதாக்கினால் இந்தக் குழப்பம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் அடியால் வரும் மாற்றம் வெயிலின் மாற்றத்துக்குள் இன்னும் எளிதாக மறைந்துவிடும்.

தீர்வாக, நேரத்தைப் பாதியாகப் பிரித்து நடுவிலும் ஒருமுறை அளக்கலாம். வோல்டேஜ் மாறுவது முதல் பாதியில் மட்டும், அதில் பவர் மாற்றம் −1.1 + 1.5 = 0.4. இரண்டாம் பாதியில் வெயில் மட்டும், 1.5. கழித்தால் −1.1, அடியின் உண்மைக் கணக்கு. வெயில் சீராக ஏறும்போதுதான் இது சரியாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் Vref-க்குப் பதில் கன்வெர்ட்டரின் டியூட்டியை நேரடியாக மாற்றுகிறீர்கள் என்றால் குறியைக் கவனியுங்கள். அவுட்புட்டில் பேட்டரி இருந்தால், பூஸ்ட், பக் இரண்டிலுமே டியூட்டி கூடினால் பேனல் வோல்டேஜ் இறங்கும்.